சபரி சொல்லும் முதல் பொய்

ஆண்டுவிழா ஆகட்டும், வாசகசாலைக் கூட்டம் ஆகட்டும், 'இணையத்தில் முகம் தெரியாதவர்கள்' என்ற தலைப்பில் ஒரு குறுநாடகம் இப்போதெல்லாம் கட்டாயம் இருக்கிறது. அதில் வருகிற கெட்டவனை மேடைக்கு வந்த அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான், சிரிப்பு ஒரு மாதிரி இருக்கும், பின்னணியில் திகில் இசை ஓடும். முன்வரிசைப் பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்டில் கார் வரும், போலீஸ் வரும், தலைமையாசிரியர் வந்து அறிவுரை சொல்வார். இந்த வகை நாடகம் பலனில்லாமல் போவதுகூடப் பெரிதில்லை, தப்பான பாடத்தை நடத்திவிடுகிறது என்பதுதான் என் கட்சி. கண்ணாடி போட்ட ஆளை அடையாளம் காணக் கற்றுக்கொண்ட பிள்ளை, தினமும் 'சாப்டியாடா' என்று கேட்கிற அண்ணனைச் சந்தேகப்படவே படாது. சந்தேகப்பட வேண்டியது அந்த அண்ணனைத்தான்.

பன்னிரண்டு நிமிடம், ஆறு காட்சி, நான்கு நடிகர்கள். இதற்குள் அடங்குகிற ஒரு நாடகத்தை எப்படிக் கட்டுவது என்று இங்கே காட்சி காட்சியாகப் பார்க்கலாம். களம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காட்டு ஜில்லாவுக்குள் இருந்தாலும் வீட்டில் தமிழ் பேசுகிற ஊர்கள். எந்த ஊருக்கும் பொருந்துகிற பொதுக் கதையாக எழுதினால், அந்நியன் எந்த ஓட்டை வழியாக உள்ளே வருகிறான் என்பதைக் காட்ட முடியாது. ஓட்டை ஊருக்கு ஊர், பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

நம் நாடகத்தில் சபரிக்குப் பதினாலு வயது. ஏழாவது வரை தமிழ் மீடியம், இப்போது இங்கிலீஷ் மீடியத்தில் ஒன்பதாவது. வகுப்பில் மலையாளம் தடுமாறினால் பின்பெஞ்சிலிருந்து, தமிழர்களைக் கேலி செய்கிற 'பாண்டி' என்ற குரல் வரும். அக்கா பவித்ரா கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி காலேஜுக்குப் போய் வருகிறாள். அம்மா தென்னந்தோப்பு வேலை. நான்காவது ஆள், 'ஜெய் அண்ணா'. சபரியைப் பையனாக வைத்தது தெரிந்தே செய்தது. இந்த நாடகங்களில் மாட்டிக்கொள்வது எப்போதும் பெண்பிள்ளைதான் என்றாகிவிட்டதால், பையன்களின் அப்பா அம்மா இது நமக்கில்லை என்று கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டம், 2012 பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் பிள்ளை என்றுதான் சொல்கிறது. ஆண், பெண் பேதம் அதில் இல்லை.

டம்ளர்

செல்போன் பேச்சை மேடையில் காட்டுவது பெரிய தொல்லை. புரொஜெக்டர் போட்டால் திறந்தவெளியில் தெரியாது, கரண்ட் போனால் நாடகமும் போகும். நடிகர் மெசேஜைப் படித்துக் காட்டினால் செய்தி வாசிப்பு மாதிரி இருக்கும். எளிய வழி ஒன்று உண்டு. சபரி மேடையின் வலது ஓரத்தில் பாயில் உட்காரட்டும். ஜெய் இடது ஓரத்தில் முதுகைக் காட்டி நாற்காலியில். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாதாரணமாகப் பேசிக்கொள்ளட்டும். மெசேஜ் வருகிற ஒலிக்கு, ஜெய்யின் கையில் ஓர் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும். ஒரு தட்டு, ஒரு மெசேஜ். ஒவ்வொரு காட்சிக்கும் ஜெய்யின் நாற்காலி ஓரடி முன்னால் வரவேண்டும். யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். ஐந்தாம் காட்சியில் சபரியின் பாயை நாற்காலிக் கால் மிதிக்கிற அளவுக்கு வந்திருக்கும்.

ஜெய்க்கு வயது என்ன, உண்மையில் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எதுவும் கடைசி வரை சொல்லக் கூடாது. முகம் தெரியக் கூடாது. குரல் மட்டும் இனிமையாக இருக்கவேண்டும். நடிப்பவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நீ வில்லன் இல்லை, இந்தப் பையனிடம் உலகத்திலேயே நன்றாகப் பேசுகிற ஆள் நீதான்.

முதல் இரண்டு காட்சிகள்

முதல் காட்சி ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற செல்போன் கேம். நாலு பேர் ஸ்குவாடில் சபரி அடிபட்டு நாக் ஆகிக் கிடக்கிறான், ஜெய் ஓடிவந்து ரிவைவ் பண்ணி எழுப்புகிறான். இங்கே எச்சரிக்கை அடையாளம் என்று எதையும் துருத்திக்கொண்டு வைக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும்.

> ஜெய்: செமையா விளாடறடா. தமிழா நீ?
> சபரி: ஆமாண்ணா. கொழிஞ்சாம்பாற.
> ஜெய்: அட, நம்ம பக்கம். கேரளாவுல இருந்துட்டு இவ்ளோ நல்லாத் தமிழ் பேசற! போன் உன்றதா, அம்மாதா?
> சபரி: அம்மாதுண்ணா. அக்கா வந்தா அவளும் நோண்டுவா.
> ஜெய்: சரி சரி. எப்ப ஃப்ரீயா இருப்ப?

'போன் யாருடையது' என்பதுதான் அந்தக் கேள்வி. 2003-ல் ரேச்சல் ஓ'கானல் என்ற ஆய்வாளர், இணையத்தில் பிள்ளைகளை வசப்படுத்துகிறவர்களின் உரையாடல்களை ஆராய்ந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். நட்பு பிடிப்பது, நெருங்குவது, அதற்கடுத்து ஆபத்தை எடைபோடுவது. வீட்டில் யார் இருக்கிறார்கள், போனை வேறு யார் பார்ப்பார்கள், எந்த நேரம் தனியாக இருப்பாய் என்று விசாரிப்பது அந்த எடைபோடலில் சேரும். கேட்கிற பிள்ளைக்கு அது அக்கறையாகத்தான் தெரியும். படிகள் எல்லாம் வரிசையாகத்தான் வரும் என்றில்லை. சிலர் மாதக்கணக்கில் இழுப்பார்கள், சிலர் ஒரே ராத்திரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் எங்காவது வந்துவிடும். அதனால் அதை முதல் காட்சியிலேயே போட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் நகர்ந்துவிடுங்கள். நாடகம் முடிந்தபிறகு பார்த்தவர்களுக்கு ஞாபகம் வந்தால் சரி.

இரண்டாம் காட்சியில் 'பாண்டி' என்ற சொல் வகுப்பறையில் விழுகிறது. நாலு வரி போதும், காட்சியை அழ வைக்க வேண்டாம். அன்று சாயங்காலம் ஜெய் கேட்கிறான்: 'என்னடா, சத்தத்தையே காணோம்?' வீட்டில் யாரும் கேட்காததை அவன் கேட்கிறான். சபரி எல்லாவற்றையும் கொட்டுகிறான். 'அவனுங்க கெடக்கறானுங்க. நம்ம பாசைல பேச நான் இருக்கன்ல' என்கிறான் ஜெய். இதுதான் அந்த ஓட்டை. வேறு ஊரில் வேறு பிள்ளைக்கு இது அழகைப் பற்றிய கவலையாகவோ, அப்பா வெளிநாட்டில் இருப்பதாகவோ இருக்கலாம். உங்கள் ஊருக்கு எழுதும்போது இந்த இடத்தைத்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.

இதே காட்சியில் பரிசும் வருகிறது. 'உன் ஐடி நம்பர் மட்டும் குடு, டைமண்ட் போட்டுவிடறேன்.' டைமண்ட் என்பது கேமுக்குள் செல்லுகிற காசு; ஒருவருடைய ஐடி தெரிந்தாலே வேறொருவர் அவருக்கு அதை வாங்கிப் போட்டுவிடலாம். வீட்டுப் பணம் ஒரு பைசா குறையாது, பேங்க் மெசேஜ் எதுவும் வராது. அப்படியானால் வீட்டார் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? கேமுக்குள் இருக்கிற பையனின் உருவம் திடீரென்று புதுச்சட்டை போட்டிருக்கும். பவித்ரா அதைப் பார்த்து 'இந்த டிரஸ் எப்படா வாங்குன?' என்று போகிற போக்கில் கேட்கட்டும், பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடட்டும்.

மூன்றாம் காட்சி

இங்கே நிற்க வேண்டும். பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று நிமிடத்தை இந்தக் காட்சிக்குக் கொடுங்கள். போட்டோ கேட்பதுதான் திருப்பம் என்று எல்லாரும் நினைத்து அதை நோக்கி நாடகத்தை ஓட்டுகிறார்கள். போட்டோ கேட்கும் நேரத்தில் பையன் ஏற்கெனவே தனியாகிவிட்டான். அவன் தனியாகிற கணம் இதற்குள் இருக்கிறது.

> (அம்மா கூட்டிக்கொண்டே)
> அம்மா: எந்நேரமும் அதையே நோண்டிட்டு இரு. ஒருநா புடுங்கிக் கெணத்துல போடறனா இல்லியான்னு பாரு.
> (டம்ளர். ஒரு தட்டு.)
> ஜெய்: டேய், கேம்ல டைப் பண்ண முடியல. ஸ்னாப்சாட் வெச்சிருக்கியா?
> சபரி: இல்லண்ணா. அம்மா திட்டும்.
> ஜெய்: அம்மாகிட்டச் சொல்லிட்டே போடு. தப்பே இல்ல. ஆனா போனப் புடுங்கிருவாங்கன்னு நெனைக்கறேன். அப்பறம் நம்ம பேச முடியாது. உன் இஷ்டம்தான்.
> (நீண்ட அமைதி. அம்மாவின் துடைப்பம் மட்டும் கேட்கிறது.)
> அம்மா: யாருகிட்டடா பேசற?
> சபரி: ஸ்கூல் பையன்மா.

'யாரிடமும் சொல்லாதே' என்று ஜெய் சொல்லவில்லை. சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் பொறி தட்டும். அம்மாவிடம் சொல்லச் சொல்கிறான், சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் கூடவே சொல்கிறான், கடைசியில் முடிவைப் பையனின் கையில் கொடுக்கிறான். 'உன் இஷ்டம்தான்' என்ற இரண்டு வார்த்தைக்காகத்தான் நாடகமே. பொய் சொன்னது சபரி, ஆப் போட்டதும் சபரி. நாளைக்கு ஏதாவது ஆனால் 'நானேதானே செஞ்சேன்' என்றுதான் அவன் நினைப்பான், வாயைத் திறக்க மாட்டான். பின்னால் வரப்போகிற மிரட்டலுக்கு அஸ்திவாரம் இந்த இடத்தில் போடப்படுகிறது.

அந்த அஸ்திவாரத்துக்குக் கல் எடுத்துக் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். அம்மா சொன்ன கிணறு. ஜெய் புதிதாக எதையும் உருவாக்கவில்லை, அம்மாவின் வாக்கியத்தையே திருப்பிச் சொன்னான். அதனால் கூட்டுகிற வசனத்தை எந்தக் காரணத்துக்கும் வெட்டாதீர்கள். ஒத்திகையில் 'அம்மாவைக் குற்றவாளி ஆக்குவது மாதிரி இருக்கிறதே' என்று யாராவது சொல்வார்கள். அம்மாவைக் கோபக்காரியாகக் காட்டினால் அப்படித்தான் ஆகும். துடைப்பத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சாதாரணமாக, எல்லா அம்மாவும் சொல்கிற மாதிரி சொல்லட்டும். பார்க்கிற அம்மாக்கள் தலையாட்டிச் சிரிக்க வேண்டும். சிரித்த வசனத்தையே அடுத்த நிமிடம் ஜெய் எடுக்கும்போது, சிரித்தவர்களுக்குத் தானாகப் புரியும்.

ஆப் மாறுவதும் வீண் விவரம் இல்லை. கேமில் ஸ்குவாடு ஆட்கள் இருப்பார்கள், பேச்சை வேறு காதும் கேட்கும். ஸ்னாப்சாட்டில் பார்த்த மெசேஜ் வழக்கமாகத் தானே அழிந்துவிடும், ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். கூட்டத்திலிருந்து தனி அறைக்கு, பதிவு நிற்கிற இடத்திலிருந்து நிற்காத இடத்துக்கு நகர்த்துவதுதான் காரியம். ஆப் பேர் அடுத்த வருடம் மாறலாம், இந்த நகர்த்தல் மாறாது.

மேடையில் எதைக் காட்டக் கூடாது

நான்காம் காட்சியில் வசனம் மிகக் குறைவு. ஜெய் முதலில் யூனிஃபார்மில் ஒரு செல்ஃபி கேட்கிறான். சாதாரணக் கோரிக்கை, அனுப்புகிறான். யூனிஃபார்மில் பள்ளியின் பேர் இருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியும், ஒருவனுக்கு மட்டும் அது உறைக்கிறது. பிறகு ஒரு விளையாட்டுப் பந்தயம். அடுத்து டம்ளர் மூன்று தட்டு. சபரி போனைப் பார்க்கிறான், பாயில் குப்புறக் கவிழ்க்கிறான். மறுபடி மூன்று தட்டு. எடுக்கிறான். எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறான். காட்சி முடிந்தது. என்ன கேட்டான் என்று யாரும் வாயால் சொல்லக் கூடாது, சைகையும் வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 'ஏதோ சரியில்லை' என்று மட்டும் புரியும், பெரியவர்களுக்கு முழுக்கப் புரியும், இரண்டுமே போதுமானவை. விவரித்தால் பார்வையாளர்களில் இதே அனுபவம் உள்ள பிள்ளைக்கு அங்கேயே மறுபடி காயம் படும். ஊரில் நடந்த நிஜச் சம்பவத்தையும் எடுத்து ஆடாதீர்கள். பேரை மாற்றினாலும் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று போக்சோவின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை மேடையும் தனக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் காட்சியில் ஜெய்யின் குரல் மாறுகிறது. கத்த வேண்டாம், இனிமை மட்டும் போகட்டும். 'உன் க்ளாஸ் குரூப்புல போட்டா எப்படி இருக்கும்? இன்னும் ஒண்ணு அனுப்பு, எல்லாத்தையும் அழிச்சிடறேன்.' சபரி அனுப்புகிறான். உடனே டம்ளர். 'இன்னும் ஒண்ணு.' பணிந்தால் முடியும் என்ற எண்ணத்தை உடைக்க இந்த இரண்டாவது தட்டு அவசியம். கொடுத்தவன் மறுபடியும் கொடுப்பான் என்று மிரட்டுகிறவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. பணம் கேட்டாலும் இதே கணக்குதான். பஸ் ஸ்டாண்டும் காரும் இதில் இல்லாததைக் கவனியுங்கள். நேரில் சந்திக்காமலே, ஒரு பாயின்மேல் உட்கார்ந்த இடத்திலேயே, முழுக் கேடும் நடந்து முடிந்துவிடலாம்.

வெளியிலிருந்து தெரிகிற அடையாளங்களை இதே காட்சியில் அக்காவின் கண்வழியாகக் காட்டலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான். போனை வைத்துவிட்டுப் போகவும் மாட்டேன் என்கிறான், ஒலி கேட்டால் திடுக்கிடவும் செய்கிறான். ஆசைப்பட்டு எடுக்கிற பையனுக்கும் பயந்து எடுக்கிற பையனுக்கும் கையிலேயே வித்தியாசம் தெரியும். பவித்ரா பார்ப்பது அந்தக் கையை.

ஆறாம் காட்சி: அக்கா கேட்கிற முதல் வார்த்தை

> பவித்ரா: டேய், யாரோ உன்னப் பயமுறுத்தறாங்களா?
> சபரி: (இல்லை என்று தலையாட்டி) நாந்தான்க்கா அனுப்புனன்.
> பவித்ரா: செரி. சொன்னியே, அது போதும். உன்மேல தப்பு இல்ல.
> சபரி: அம்மா போன…
> பவித்ரா: போன நான் பாத்துக்கறேன். எதையும் அழிக்காத. இப்ப அவனுக்கு எதுவும் அனுப்பவும் வேண்டாம்.

'ஏண்டா அனுப்புன?' என்று கேட்காததுதான் இந்த வசனத்தின் கஷ்டமான பகுதி. நடிக்கிற பெண்கள் ஒத்திகையில் தம்மையறியாமல் அதைத்தான் முதலில் கேட்டுவிடுவார்கள். கேட்டுப் பழக்கமான வாக்கியம் அது.

அடுத்து அவள் செய்வதை மேடையிலேயே செய்து காட்டட்டும். தன்னுடைய போனை எடுத்து, தம்பியின் போன் திரையில் தெரிகிற அந்த ஆளின் புரொஃபைலையும் யூசர்நேமையும் மிரட்டல் வரிகளையும் தேதியும் நேரமும் தெரியப் படம் எடுக்கிறாள். ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் இன்னொரு போனில் எடுப்பது, மேலே சொன்னபடி எதிராளிக்குத் தெரியாமல் இருக்க. திரையில் காட்டுகிற பேரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் யூசர்நேமைப் பேப்பரிலும் எழுதிக்கொள்கிறாள். பிளாக் பண்ணுவது இதெல்லாம் முடிந்தபிறகு. பையனின் அந்தப் போட்டோவை மட்டும் அவள் எடுக்கவும் கூடாது, 'பாருங்க மாமா' என்று யாருக்கும் அனுப்பவும் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும், பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரின் அப்படியான படத்தைப் பரப்புவது குற்றம். அது போனில் இருக்கிறபடியே போலீஸ் கைக்குப் போகட்டும். படம் வெளியே பரவிவிடுமோ என்ற பயத்துக்கு Take It Down என்ற இலவச சேவை இருக்கிறது (takeitdown.ncmec.org). படத்தை ஏற்றாமல், போனிலேயே அதற்கு ஓர் இலக்க அடையாளத்தை உண்டாக்கி அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். சேர்ந்திருக்கிற தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைத் தடுக்கும். சேராத தளங்களில் அது செல்லாது.

பிறகு பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. அல்லது இணையக் குற்றங்களுக்குப் புகார் கொடுக்கிற cybercrime.gov.in. அல்லது நேராக ஸ்டேஷன். எல்லையில் இருக்கிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள்: பையன் கேரளாவில், ஜெய் எந்த ஊர் என்றே தெரியாது, அக்கா பொள்ளாச்சியில். எந்த ஸ்டேஷன்? எதுவானாலும் சரி. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். 'அது அந்தப் பக்கத்துக் கேஸ்' என்று திருப்பி அனுப்ப முடியாது.

மொழியைப் பற்றிய பயமும் சபரிக்கு உண்டு. மலையாளத்தில் தடுமாறினால் சிரிப்பார்கள் என்று பழகியவன், மலையாளத்தில் கேட்கிற போலீஸிடம் இதை எப்படிச் சொல்வான்? எழுதப்படுவது பிள்ளைக்குப் புரியாத மொழியாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று போக்சோவின் 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவன் விரும்புகிற இடத்திலோதான் எடுக்க வேண்டும், எடுக்கிற அதிகாரி யூனிஃபார்மில் இருக்கக் கூடாது, ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்பது 24-ஆம் பிரிவு. இவ்வளவையும் வசனத்தில் திணித்தால் நாடகம் செத்துவிடும். பவித்ரா ஒரு வரி சொன்னால் போதும்: 'தமிழ்லயே சொல்லலாம்டா. அவங்க வீட்டுக்கு வருவாங்க, காக்கிச்சட்ட போடாம.' மீதியை, நாடகம் முடிந்தபிறகு பேசுகிறவர் சொல்லட்டும். அவர் அரைமணி நேரமாவது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஏதாவது ஒரு பிள்ளை செருப்புத் தேடுகிற சாக்கில் பின்தங்கும்.

பேச்சின்போது 'சபரி எங்கே தப்புப் பண்ணினான்?' என்று கூட்டத்திடம் கேட்காதீர்கள். ஜெய் செய்து வைத்ததையே கூட்டமும் செய்துவிடும். 'அக்கா எந்த இடத்தில் கவனித்திருக்கலாம்?' என்று கேளுங்கள். புதுச்சட்டை என்று யாராவது சொல்வார்கள். கிணறு என்று சொல்கிற அம்மா ஒருவராவது இருப்பார்.

கடைசி நிமிடத்தில் ஒன்று பாக்கி. பவித்ரா அம்மாவிடம் மேடையின் பின்பக்கமாகப் போய்ச் சொல்கிறாள், வார்த்தை கேட்க வேண்டாம். டம்ளர் தட்டுகிறது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி தட்டுகிறது. அம்மா துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு வருகிறாள், பாயில் கிடக்கிற போனை எடுக்கிறாள். சபரி ஒடுங்குகிறான். ஸ்டேஷனுக்குப் போகும்வரை அந்தப் போன் அணையக் கூடாது என்று பவித்ரா இப்போதுதான் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு ஒரே வசனம்:

> அம்மா: சார்ஜர் எங்கடா கண்ணு?